வெந்நீர் ஊற்றுக்கு இரண்டு மையங்கள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. தரைக்குள்ளிருந்து கொதிநீரும் ஆவியும் பனைமரத்தையும் தாண்டிய உயரத்துக்குப் பீறிடும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் போல் கழித்து மறுபடியும் பீறிடும். 1870இல் அங்கே போய்ச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர், நேரம் தவறாமல் வருகிறதே என்று வியந்து 'பழைய விசுவாசி' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார்கள்.

உண்மையில் அது அவ்வளவு நேரம் தவறாத ஊற்று அல்ல. சில பத்தாண்டுகளுக்கு முன் அங்கே உட்கார்ந்து குறித்த 272 பீறிடல்களின் கணக்கு புள்ளியியல் மாணவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. ஒவ்வொரு பீறிடலுக்கும் இரண்டே எண்கள். எத்தனை நிமிடம் பீறிட்டது, அடுத்த பீறிடல் வரை எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் எண்ணைக் கிடைக்கோட்டிலும் இரண்டாவதை நெடுங்கோட்டிலும் வைத்து வரைபடத் தாளில் 272 புள்ளிகள் குத்திப் பாருங்கள். இடப்பக்கம் கீழே ஒரு கொத்து, வலப்பக்கம் மேலே இன்னொரு கொத்து, நடுவில் வெறிச்சென்ற இடம். கொஞ்ச நேரம் பீறிட்டால் அடுத்தது சீக்கிரம் வருகிறது. நெடுநேரம் பீறிட்டால் தாமதமாகிறது. நெடும் பீறிடலில் நிலத்தடிக் குழாயிலிருந்து அதிக நீர் போய்விடுவதால், அது மறுபடி நிரம்பிச் சூடேற நாழியாகிறது.

கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும் இந்தப் பிரிவைக் கண்ணே இல்லாத கணக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கான வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஆங்கிலப் பெயரிலேயே 'கே-மீன்ஸ்' என்று வழங்குகிறது. எத்தனை கொத்து வேண்டும் என்பதை நாம் சொல்லவேண்டும். அந்த எண்தான் 'கே'. அத்தனை மையங்களைத் தாளில் எங்கேயாவது வைக்கிறோம். ஒவ்வொரு புள்ளியும் தனக்கு மிக அருகிலுள்ள மையத்தோடு சேரும். பிறகு ஒவ்வொரு மையமும் தன்னிடம் சேர்ந்த புள்ளிகளின் சராசரி இடத்துக்கு நகரும். மையம் நகர்ந்ததால் சில புள்ளிகளுக்கு இப்போது வேறு மையம் பக்கமாகத் தெரியும். அவை கட்சி மாறும். மறுபடி சராசரி, மறுபடி மாற்றம். ஒரு புள்ளியும் மாறாத சுற்று வந்ததும் நிறுத்திவிட வேண்டியது.

272 புள்ளியைக் கையால் போட முடியாது. பட்டியலின் முதல் எட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் எண் பீறிட்ட நிமிடம், இரண்டாவது காத்திருந்த நிமிடம்.

```
அ  3.60  79
ஆ  1.80  54
இ  3.33  74
ஈ  2.28  62
உ  4.53  85
ஊ  2.88  55
எ  4.70  88
ஏ  3.60  85
```

இரண்டு கொத்து கேட்போம். தொடக்க மையங்களாக வேண்டுமென்றே சுமாரான இரண்டைத் தேர்கிறேன்: அ, உ. இரண்டுமே வலப்பக்க மேல் கொத்தைச் சேர்ந்தவை. கீழ்க் கொத்துக்கு ஆளே இல்லை. தூரத்தைப் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றப்படி அளக்கிறோம்.

முதல் சுற்றில் எ, ஏ இரண்டும் உ-வோடு சேர்கின்றன. மற்ற எல்லாம் அ-விடம் போகின்றன, வேறு போக்கிடம் இல்லாததால். இப்போது சராசரி எடுத்தால், அ தலைமையிலிருந்த ஐந்தின் மையம் (2.78, 64.8) என்று சரசரவெனக் கீழே இறங்குகிறது. மற்ற மூன்றின் மையம் (4.28, 86).

இரண்டாவது சுற்றில் வேடிக்கையைப் பாருங்கள். எந்தப் புள்ளியை மையமாக வைத்துத் தொடங்கினோமோ அந்த அ-வே தன் கொத்தை விட்டுப் போகிறது. அதன் காத்திருப்பு 79. கீழ் மையம் 14 நிமிடத்துக்கு மேல் தள்ளியிருக்கிறது, மேல் மையமோ 7 நிமிடத்தில். அது மேலே போனதும் கீழ் மையம் (2.57, 61.25)க்கு இன்னும் இறங்குகிறது, மேல் மையம் (4.11, 84.25) ஆகிறது.

மூன்றாவது சுற்றில் இ-க்கு மனம் மாறுகிறது. 74 நிமிடம் என்பது 61.25இலிருந்து 12.75 தள்ளி, 84.25இலிருந்து 10.25 தள்ளி. ஆக இ-யும் மேலே. கீழே ஆ, ஈ, ஊ மூன்றே மீதம், மையம் (2.32, 57). மேலே ஐந்து, மையம் (3.95, 82.2). நான்காவது சுற்றில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தால் யாரும் நகரவில்லை. முடிந்தது. தொடக்கத்தில் கீழ்க் கொத்துக்கு மையமே கிடையாது. சராசரி இழுத்து இழுத்தே ஒரு மையம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த முறை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இராதா? இராது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மையத்துக்கும் இடையிலான தூரத்தை வர்க்கமாக்கி எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வோம். இதைச் சிதறல் என்று சொல்லலாம். முதல் சுற்று முடிவில் சிதறல் ஏறக்குறைய 516, இரண்டாவதில் 300, மூன்றாவதில் 167. புள்ளி கட்சி மாறுவது பக்கத்து மையத்துக்குத்தான் என்பதால் மாறும்போது சிதறல் குறையும். மையம் நகரும்போதும் குறையும். ஏனெனில் வர்க்கங்களின் கூட்டலைச் சிறிதாக்கும் இடம் சராசரி ஒன்றுதான். கீழ்க் கொத்தின் 54, 62, 55 என்ற காத்திருப்புகளுக்குச் சராசரி 57. அங்கிருந்து விலகல்களின் வர்க்கம் 9, 25, 4, மொத்தம் 38. மையத்தை 58க்கு நகர்த்திப் பாருங்கள்: 16, 16, 9, மொத்தம் 41. 56க்கு நகர்த்தினாலும் அதே 41தான். இப்படிச் சிதறல் இறங்கிக்கொண்டே போவதால் ஒருமுறை கண்ட பிரிவினை திரும்ப வர வழியில்லை. எட்டுப் புள்ளியை இரண்டாகப் பிரிக்க மொத்தமே 127 வழிகள்தான் உண்டு. எங்காவது ஒரு சுற்றில் நின்றாக வேண்டும்.

இந்த முறையைத் தெளிவாக எழுதியவர்களில் ஸ்டூவர்ட் லாயிட் முக்கியமானவர். 1957இல் பெல் ஆய்வகத்தில் இருந்தார். அவருடைய கவலை வெந்நீர் ஊற்று அல்ல, தொலைபேசிக் குரல். குரலின் ஏற்ற இறக்கத்தை ஒருசில எண்களாகச் சுருக்கி அனுப்பினால் எந்த எண்களைத் தேர்ந்தால் பிசகு குறையும் என்று பார்த்தார். அவர் எழுதியது கால் நூற்றாண்டு கழித்து, 1982இல்தான் அச்சேறியது. அதற்குள் 1967இல் ஜேம்ஸ் மெக்குயின் கே-மீன்ஸ் என்ற பெயரையே சூட்டிவிட்டிருந்தார்.

முறை நிற்கும் என்பது உறுதி. சரியான இடத்தில் நிற்கும் என்பதற்குத்தான் யாரும் பொறுப்பில்லை. எங்கே கோளாறு வரும் என்பதை இதே எட்டுப் புள்ளிகளில் காட்டலாம்.

மேலே கண்ட சிதறல் 167இல் பீறிடல் நேரத்தின் பங்கு வெறும் 2. மீதி 165 காத்திருப்பின் பங்கு. பீறிடல் 2, 3, 4 நிமிடம் என்று சின்ன எண்களாகவும், காத்திருப்பு 50, 80 என்று பெரிய எண்களாகவும் இருப்பதே காரணம். சொல்லப்போனால் நாம் இரண்டு அளவைப் பார்த்துப் பிரிக்கவில்லை. காத்திருப்பை மட்டும் பார்த்துப் பிரித்தோம். முதல் எண் சும்மா உடன் வந்தது.

சரி, பீறிடலை நிமிடத்தில் எழுதாமல் வினாடியில் எழுதினால் என்ன ஆகும்? ஊற்று மாறவில்லை, கடிகாரமும் மாறவில்லை. அ இப்போது (216, 79), உ (272, 85). அதே அ, உ இரண்டிலிருந்து தொடங்குவோம். முதல் சுற்றில் எ மட்டும் உ-வோடு போகிறது. ஏ முழுக்க 85 நிமிடம் காத்திருக்க வைத்த பீறிடல் என்றாலும் அ-வைப் போலவே 216 வினாடி நீடித்தது என்பதால் அ-விடமே ஒட்டிக்கொள்கிறது. ஆறின் சராசரி 175 வினாடி, இரண்டின் சராசரி 277 வினாடி. இப்போது 216 என்பது முதல் மையத்திலிருந்து 41, இரண்டாவதிலிருந்து 61. யாரும் நகரவில்லை, ஆட்டம் இரண்டாம் சுற்றிலேயே முடிந்துவிட்டது. கிடைத்த விடை: உ, எ ஒரு கொத்து, மீதி ஆறு இன்னொரு கொத்து. 54 நிமிடமும் 85 நிமிடமும் ஒரே கூடையில். அளவின் பெயர் மாறியதைத் தவிர வேறெதுவும் மாறாமல் விடை தலைகீழாகிவிட்டது.

இதற்கு வழக்கமான மருந்து, ஒவ்வொரு அளவையும் அதன் திட்டவிலக்கத்தால் வகுத்துவிடுவது. 272 பீறிடல்களில் பீறிடும் நேரத்தின் திட்டவிலக்கம் சுமார் 1.14 நிமிடம், காத்திருப்பின் திட்டவிலக்கம் சுமார் 13.6 நிமிடம். இவற்றால் வகுத்துவிட்டால் நிமிடம், வினாடி என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு அளவுக்கும் ஏறக்குறைய சமமான குரல். நானும் அப்படி வகுத்து, அதே அ, உ-விலிருந்து கையால் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்று கூடுதலாக ஆனது. முதலில் ஏ, பிறகு அ, பிறகு இ என்று ஒவ்வொன்றாக மேலே போய், கடைசியில் ஆ, ஈ, ஊ மட்டும் கீழே நின்றன. மருந்து எப்போதும் பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். இரண்டு அளவுமே மீட்டராக இருக்கிற ஊர் வரைபடத்தில் வகுக்கவே கூடாது. அங்கே வகுத்தால் வரைபடம்தான் கோணலாகும்.

இன்னொரு கோளாறு தொடக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு நான்கே புள்ளி போதும். அகலம் 6, உயரம் 2 உள்ள ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். இடப்பக்கத்து இரண்டு ஒரு கொத்து, வலப்பக்கத்து இரண்டு இன்னொரு கொத்து என்று குழந்தையும் சொல்லும். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு மூலையும் மையத்திலிருந்து 1 தள்ளி, சிதறல் 4. ஆனால் தொடக்க மையங்களாக இடப்பக்கத்தின் கீழ்மூலையும் மேல்மூலையும் விழுந்துவிட்டால்? கீழ்வரிசை இரண்டும் ஒன்றாக, மேல்வரிசை இரண்டும் ஒன்றாகச் சேரும். மையங்கள் கீழ்ப்பக்கத்து நடுவுக்கும் மேல்பக்கத்து நடுவுக்கும் நகரும். ஒவ்வொரு மூலைக்கும் தன் மையம் 3 தூரம், அடுத்த மையம் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒருவரும் அசையமாட்டார்கள். சிதறல் 36. சரியான விடையைவிட ஒன்பது மடங்கு மோசமான இடத்தில் முறை நின்றுவிட்டது, பிழைச்செய்தி எதுவும் தராமல்.

முதல் மையம் எந்த மூலையில் விழுந்தாலும், இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு மீதி மூன்றில் ஒன்றாகத் தேர்ந்தால் மூன்றில் ஒரு தடவை இந்தப் பொறியில் விழுவோம். 2007இல் டேவிட் ஆர்தர், செர்கெய் வசில்விட்ஸ்கி இருவரும் ஒரு சிறு திருத்தம் சொன்னார்கள். அடுத்த மையத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், ஆனால் தள்ளியிருக்கும் புள்ளிக்கு அதிகச் சீட்டு; தூரத்தின் வர்க்கம் எவ்வளவோ அவ்வளவு சீட்டு. நம் செவ்வகத்தில் அதே பக்கத்து மூலைக்கு 4 சீட்டு, எதிர் மூலைக்கு 36, மூலைவிட்டத்து மூலைக்கு 40. மொத்தம் 80இல் 4 மட்டுமே பொறி. மூன்றில் ஒன்றாக இருந்தது இருபதில் ஒன்றாகிவிட்டது. நடைமுறையில் இதோடு இன்னொன்றும் செய்வார்கள்: வெவ்வேறு தொடக்கத்திலிருந்து பல தடவை ஓட்டி, சிதறல் மிகக் குறைந்த விடையை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிதறல் வேறு வேறாக வந்தால் பொறிகள் இருக்கின்றன என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை ஓட்டிய விடையை யாராவது நீட்டினால் நான் நம்பமாட்டேன்.

'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் நம் ஊற்றின் 272 பீறிடல்களும் உள்ளேயே இருக்கின்றன. 25 தொடக்கங்களோடு ஓட்ட ஒரே வரி:

```
kmeans(faithful, 2, nstart = 25, algorithm = "Lloyd")
```

விடையாக 100 பீறிடல்கள் ஒரு கொத்து, 172 இன்னொன்று. முதல் மையம் 2.09 நிமிடப் பீறிடல், 54.75 நிமிடக் காத்திருப்பு, இரண்டாவது 4.30 நிமிடம், 80.28 நிமிடம். கையால் போட்ட எட்டின் மையங்கள் இவற்றிலிருந்து ரொம்ப தூரமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வரியும் நிமிடக் கணக்கில் வகுக்காமல் ஓட்டியதுதான். வகுத்து ஓட்ட வேண்டுமானால் faithful என்பதை scale(faithful) என்று மாற்றினால் போதும்.

தொடக்கத்தை நம்பாமல், மிகச் சிறந்த பிரிவினையை நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். தாளில் இரண்டு கொத்து மட்டும் என்றால் முடியும். இரண்டு மையங்களுக்கு நடுவே எல்லையாக அமைவது ஒரே ஒரு நேர்கோடு, பத்தாம் வகுப்புக்குள் நாம் வரைந்த அதே மையக்குத்துக்கோடு. ஆகவே புள்ளிகளை நேர்கோட்டால் இரண்டாக வெட்டும் வழிகளை மட்டும் சோதித்தால் போதும். 272 புள்ளிக்கு அவை சில பத்தாயிரங்களுக்குள் அடங்கும், கணினிக்கு அது கணப்பொழுது வேலை. கொத்துகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனால்தான் சிக்கல். 2009இல் மூன்று பேர் இதற்கு ஒரு நிரூபணம் தந்தார்கள்: சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் மீனா மகாஜன், பிரஜக்தா நிம்போர்க்கர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் கஸ்தூரி வரதராஜன். புள்ளிகள் வெறும் தாளில், இரண்டே அளவுகளோடு இருந்தாலும்கூட, கொத்துகளின் எண்ணிக்கையை முன்கூட்டிக் கட்டிவைக்காவிட்டால், சிறந்த பிரிவினையைக் காண்பது கணினி அறிவியலின் பெயர்பெற்ற கடினக் கணக்குகளுக்குச் சமமான கடினம் என்று காட்டினார்கள். அத்தகைய கணக்குகளுக்கு வேகமான, எப்போதும் சரியான வழியை இதுவரை யாரும் கண்டதில்லை. அதே ஆண்டு ஆந்திரேயா வத்தானி இன்னொன்றைக் காட்டினார்: வேண்டுமென்றே வஞ்சகமாக அடுக்கிய புள்ளிகளைத் தாளில் வைத்தால், நம் எளிய முறை நிற்பதற்கே புள்ளிகளின் எண்ணிக்கையோடு மடங்கு மடங்காகப் பெருகும் அளவுக்குச் சுற்றுகள் ஆகும். அன்றாட வேலையில் அப்படிப்பட்ட வஞ்சகம் எதிர்ப்படுவதில்லை. பெரும்பாலும் நம் எட்டுப் புள்ளிகளைப் போல விரல்விட்டு எண்ணும் சுற்றுகளிலோ சில பத்துகளிலோ முடிந்துவிடும்.

கடைசியாக, இரண்டு என்று நான் ஏன் கேட்டேன்? வரைபடத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதால். முறைக்கு அது தெரியாது. மூன்று கேட்டால் மூன்று தரும், ஏழு கேட்டால் ஏழு தரும். புள்ளிகள் கொத்தே இல்லாமல் சீராகத் தூவிக் கிடந்தாலும் கேட்டதைத் தரும், முடியாது என்று ஒருநாளும் சொல்லாது. சிதறலைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், கொத்து கூடக்கூட அது எப்படியும் குறையத்தான் செய்யும். எட்டுப் புள்ளிக்கு எட்டுக் கொத்து என்றால் சிதறல் பூச்சியம். பார்க்க வேண்டியது எவ்வளவு குறைகிறது என்பதை. நிமிடக் கணக்கில் நம் எட்டுப் புள்ளிகளுக்கு ஒரே கொத்து என்றால் சிதறல் 1363. இரண்டுக்கு 167. மூன்றுக்கு மிகச் சிறந்ததே 58, நான்குக்கு 20. முதல் வெட்டில் ஆயிரத்துக்கும் மேல் சரிந்தது, அடுத்ததில் நூற்றுச் சொச்சம்தான். கோட்டை வரைந்தால் இரண்டின் இடத்தில் மடித்த முழங்கைபோல் வளையும். எல்லாத் தரவிலும் முழங்கை இவ்வளவு தெளிவாக இருக்காது. இல்லாத இடத்தில் இருப்பதாகச் சாதிப்பவர்கள் நிறைய.

இந்த மையங்களை மனப்பாடம் செய்துகொண்டு எல்லோஸ்டோனுக்குப் போய் நிற்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஓல்ட் ஃபெய்த்ஃபுலின் காத்திருப்பு இந்தப் பட்டியல் எழுதிய காலத்தைவிட இப்போது நீண்டுவிட்டது. பொதுவாக ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது, குறும் பீறிடல்களும் குறைந்துவிட்டன. இன்று புதிதாக 272 பீறிடல்களைக் குறித்தால் 54.75 நிமிட மையத்தில் சேர நூறு புள்ளிகள் கிடைக்காது.